நோயாளர் பட்டியலை விளம்பரத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சிறிய ஆய்வுகூடம் ஒன்றை நடத்துகிறோம். வீட்டுக்கே சென்று இரத்தம் எடுப்போம். எங்கள் கணினியில் 2,600 பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உண்டு. பெரும்பாலானோர் சீனி வருத்தக்காரர். ஏறத்தாழ 350 பேருக்குக் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளே பணம் கட்டுகிறார்கள். அவர்களின் இலக்கங்களும் அதே கோப்பில் உள்ளன. முகநூல் விளம்பரம் செய்து தரும் தம்பி ஒருவர் கேட்டதால், போன கிழமை அந்த எக்செல் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அதைப் பதிவேற்றி ‘Diabetes patients’ என்று பெயரிட்டார். அதைப் பயன்படுத்த முடியாது என்று எச்சரிக்கை வந்தது. பெயரை ‘List 1’ என்று மாற்றினால் சரிவரும், இலக்கங்கள் ஹாஷ் செய்யப்பட்டே போவதால் யாருக்கும் எதுவும் தெரியாது, பிறகு இவர்களைப் போன்ற புது ஆட்களையும் பிடிக்கலாம் என்கிறார். நோயாளர்கள் தாங்களாகத் தந்த இலக்கங்கள்தானே? விளம்பரம் இன்னும் ஓடவில்லை. தொடரலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தொடர வேண்டாம். பெயரையும் மாற்ற வேண்டாம். விளம்பரம் ஓடுவதற்கு முன்னரே நின்று யோசித்தீர்கள். அதனால் இதில் பெரும் பகுதியை இன்னும் சரிசெய்யலாம். செய்ய வேண்டியவற்றைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன், அந்தத் தம்பி சொன்ன மூன்று விடயங்களும் எங்கே பிழைக்கின்றன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. இந்தத் தொழிலில் பலரும் உண்மையென்று நம்பிச் சொல்லும் விளக்கங்களைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

பட்டியல் எப்படிப் பொருத்தப்படுகிறது

வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து, விளம்பரத்தைக் காட்ட வேண்டிய கணக்குகளின் தொகுதியான கஸ்டம் ஓடியன்ஸ் உருவாக்கும்போது நடப்பது இதுதான். உங்கள் எக்செல் கோப்பிலிருந்து இப்படியொரு கோப்பு தயாரிக்கப்படுகிறது:

```
phone,email,fn,country
9477XXXXXXX,,,LK
```

தொலைபேசி இலக்கத்தின் முன்னால் நிற்கும் பூச்சியம் நீங்கி, நாட்டுக் குறியீடான 94 சேர்கிறது. அதன் பிறகு, கோப்பு உங்கள் உலாவியை விட்டு வெளியேறுவதற்கு முன்னரே, ஒவ்வோர் இலக்கமும் SHA-256 என்ற கணிப்பின் வழியாக 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு தொடராக மாற்றப்படுகிறது. இதுவே ஹாஷ். அந்தத் தொடரைக் கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அந்த அளவில் தம்பி சொன்னது சரி.

ஆனால் ஒரே இலக்கத்துக்கு எப்போதும் ஒரே ஹாஷ்தான் வரும். முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் தன்னிடம் கணக்கு வைத்திருப்போரின் இலக்கங்களையும் இதே முறையில் மாற்றி வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒப்பிடுகிறது. ஒத்துப்போகும் கணக்குகள் உங்கள் ஓடியன்ஸில் சேர்கின்றன. பழைய உறுதிகளில் இருக்கும் கைநாட்டை நினைத்துப் பாருங்கள். வழியில் போகிறவருக்கு அது வெறும் மைக்கறை. ஊரிலுள்ள எல்லோருடைய கைநாட்டையும் பதிவேட்டில் வைத்திருப்பவருக்கு அது ஆளின் பெயர். ஹாஷ் வழியில் போகிறவரிடமிருந்து மறைக்கிறது. பதிவேடு வைத்திருப்பவரிடமிருந்து மறைப்பதில்லை. மறைத்தால் பொருத்தமே நடக்காது, நீங்களும் விளம்பரம் போட முடியாது.

முகநூலில் கணக்கில்லாதவரின் இலக்கத்துக்கும் ஹாஷ் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. இலங்கைக் கைத்தொலைபேசி இலக்கம் ஒன்றில் 947 என்ற தொடக்கத்தை நீக்கினால் எஞ்சுவது எட்டு இலக்கங்கள். ஆக மொத்தம் பத்துக் கோடி சாத்தியங்களே உண்டு. பத்துக் கோடி ஹாஷ்களையும் கணித்து ஒப்பிட ஒரு சாதாரண கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். ஹாஷ் செய்வதால் தரவு அநாமதேயம் ஆகிவிடாது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 இல் வெளிப்படையாகவே எழுதியது. ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஓர் இணையக் கடை இதே முறையில் தன் வாடிக்கையாளர் பட்டியலைப் பதிவேற்றியபோது, அதை அழிக்கும்படி தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் உத்தரவிட்டனர். 2018 இல் அந்த உத்தரவு சரியென்று நீதிமன்றங்களும் ஏற்றன. அங்கேயும் கடைக்காரரின் வாதம் ‘ஹாஷ் செய்தோமே’ என்பதுதான்.

பொருத்தி முடிந்ததும் ஹாஷ்களை அழித்துவிடுவதாக மெட்டா கூறுகிறது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ‘இந்தக் கணக்குகள் இந்த ஆய்வுகூடத்தின் பட்டியலில் உள்ளவை’ என்ற தொகுதி அழிவதில்லை. ஓடியன்ஸ் என்பதே அந்தத் தொகுதிதான்.

பட்டியலில் இருப்பதே ஒரு செய்தி

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இந்த இடம்தான். புடவைக் கடையின் பட்டியலில் ஒருவரின் இலக்கம் இருந்தால், அவர் புடவை வாங்கினார் என்று மட்டுமே தெரியும். உங்கள் பட்டியலில் இருந்தால் அவருக்கு ஒரு நோய் இருக்கிறது, அல்லது இருக்குமோ என்று பயந்தார் என்று தெரியும். நோயின் பெயரையோ பரிசோதனை முடிவையோ நீங்கள் தனியாக எழுதத் தேவையில்லை. கோப்பில் HbA1c என்ற சீனிப் பரிசோதனை நிரலை நீக்கிவிட்டு அனுப்பியிருந்தாலும் இது மாறாது.

ஆகவேதான் பெயர் மாற்றுவது தீர்வல்ல என்கிறேன். நோய்நிலையைச் சுட்டும் ஓடியன்ஸ்களை மெட்டா 2025 இலிருந்து தானாகவே அடையாளங்கண்டு தடுத்து வருகிறது. அந்த நிறுவனம் காட்டிய உதாரணங்களுள் நீரிழிவும் ஒன்று. அந்தக் கருவி பெயரைப் பார்த்து நிறுத்தியது. ‘List 1’ என்று மாற்றினால் கருவிக்குத் தெரியாமல் போகலாம்; ஆனால் உள்ளே இருப்பவர்கள் அதே நோயாளர்கள்தாம். அதற்கு மேல், இன்றைக்கு உங்கள் செயல் அறியாமல் நடந்த தவறு. எச்சரிக்கை வந்த பிறகு பெயரை மாற்றினால் அது அறிந்தே மறைத்ததாகிவிடும். சட்டத்தரணி என்ற முறையில், இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இணையவழி உளவள ஆலோசனை வழங்கிய BetterHelp என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை ஹாஷ் செய்து முகநூலுக்குக் கொடுத்து, அவர்களைப் போன்ற புது ஆட்களைத் தேடியது. நீங்கள் செய்யவிருந்ததும் அதே வேலைதான். 2023 இல் அந்த நிறுவனம் 78 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. மின்னஞ்சல் முகவரி ஓர் இரகசியமல்ல. அது ஆலோசனை தேடியவரின் முகவரி என்பதே இரகசியம்.

இதை எட்டத்து நாட்டுக் கதையாக எடுக்க வேண்டாம். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சைக்காக யாருக்கும் சொல்லாமல் ஓர் இடத்துக்குப் போய்வந்த பெண் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வீட்டில் அவருடைய கைத்தொலைபேசியை மச்சாள் வாங்கி முகநூல் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதே இடத்தின் விளம்பரம் வந்திருக்கிறது. விளம்பரத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘Why am I seeing this ad?’ என்பதை மச்சாள் திறந்து பார்த்திருக்கிறார். விளம்பரதாரரின் பட்டியல் ஒன்றில் இந்தக் கணக்கு இருப்பதாக அங்கே காட்டியது. அந்தப் பெண் மேசையில் கைத்தொலைபேசியை வைத்து, அதே பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ‘நான் அவையிட்ட இலக்கம் குடுத்தது ரிப்போர்ட் வந்தா சொல்லத்தானே’ என்றார். உங்கள் கேள்விக்கு அதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

நோயாளர் தாமாகத் தந்த இலக்கம்தான். ஆனால் எதற்காகத் தந்தார் என்பதையும் சேர்த்தே தந்தார். அந்த நோக்கத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டுமானால் மீண்டும் அவரிடம் கேட்க வேண்டும்.

லுக்அலைக் உங்களுக்கு எதைத் தரும்

‘இவர்களைப் போன்ற ஆட்கள்’ என்பது லுக்அலைக் ஓடியன்ஸ். உங்கள் பட்டியலில் பொருந்திய கணக்குகளை விதையாக எடுத்துக்கொண்டு, முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் அவர்களுடைய இருப்பிலும் நடத்தையிலும் பொதுவாக இருப்பவை எவை என்று மெட்டாவின் கணிப்புமுறை தேடுகிறது. பிறகு நீங்கள் குறிப்பிடும் நாட்டிலுள்ள பயனர்களை அந்த ஒற்றுமையின்படி வரிசைப்படுத்தி, மேலேயுள்ள 1 வீதம் முதல் 10 வீதம் வரை வெட்டித் தருகிறது. ஒரே நாட்டைச் சேர்ந்த குறைந்தது 100 பேராவது விதையில் இருக்க வேண்டும். யார் யார் சேர்ந்தார்கள் என்பதையோ எந்த ஒற்றுமையால் சேர்ந்தார்கள் என்பதையோ உங்களுக்குக் காட்டாது.

இதை உங்கள் கோப்பில் வைத்துப் பார்ப்போம். 2,600 வரிகளில் 021 இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசிகள் 300 என்றும், கணவன் மனைவிக்கு ஒரே இலக்கம் என்பது போன்ற மீள்பதிவுகள் 400 என்றும் கொண்டால், எஞ்சுவது 1,900. இவற்றுள் முகநூல் கணக்குடன் இணைந்திருக்கும் இலக்கங்கள் மட்டுமே பொருந்தும். இங்கேதான் நம்மூர் வழக்கம் குறுக்கே வருகிறது. எழுபது வயது அம்மாவின் பெயருக்கு எதிரே நீங்கள் எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் மகளின் இலக்கம், அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் இலக்கம். பொருந்துவது அந்த இலக்கத்தின் கணக்கு, நோயாளர் அல்ல. ஆகவே நோயாளர் பட்டியல் என்று நீங்கள் நினைப்பது, உள்ளே போனதும் மகள்மாரும் மருமகன்மாரும் அயலவரும் கலந்த ஒன்றாகிவிடுகிறது. பரிசோதனைக்கே வராத ஒருவர் நீரிழிவுப் பட்டியலில் சேர்ந்திருப்பார்.

இந்த விதைக்குப் பொதுவாக இருப்பவை எவை? யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள், தமிழில் பார்க்கிறார்கள், நடுவயதைத் தாண்டியவர்கள், வெளிநாட்டில் உறவுகள் உண்டு. இவற்றைக் கணிப்புமுறை கண்டுபிடித்துத் தரத் தேவையில்லை. நீங்களே விளம்பரத்தில் தெரிவுசெய்யலாம். மேலும் லுக்அலைக் நாடளாவியது. இலங்கை முழுவதிலுமிருந்து 1 வீதத்தினரைப் பிரித்து, அதற்குள் உங்கள் ஆட்கள் இரத்தம் எடுக்கப் போகக்கூடிய நல்லூர், கோப்பாய், சாவகச்சேரிப் பக்கங்களுக்கு மட்டும் சுருக்கினால் எஞ்சுவது சிறு தொகையே. நாடு முழுவதும் பொருள் அனுப்பும் ஒரு கடைக்கு, வாங்கியவர்களின் சம்மதத்துடன் சேர்த்த பட்டியல் இருந்தால், லுக்அலைக் உண்மையில் பயன்படும். மோட்டார் சைக்கிளில் போய் இரத்தம் எடுத்துவரும் ஓர் ஆய்வுகூடத்துக்கு அதனால் கிடைப்பது மிகக் குறைவு.

ஒருவேளை அந்தக் கணிப்புமுறை நோயின் சாயலையே பிடித்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உங்களிடம் ஒருபோதும் வராத, எந்தச் சம்மதமும் தராத ஆட்கள், தங்கள் உடல்நிலை பற்றிய ஓர் ஊகத்தின் பேரில் தொகுக்கப்படுகிறார்கள். இவர்களால் உங்களிடம் வந்து ‘என்னை நீக்குங்கள்’ என்று கேட்கவும் முடியாது. அவர்கள் உள்ளே இருப்பது உங்களுக்கே தெரியாது.

சட்டம் எங்கே நிற்கிறது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பு வகைத் தரவாக வைத்திருக்கிறது. சிறுவர்களின் தரவும் அவ்வாறே. சொன்ன நோக்கத்துக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்பதும், தந்த சம்மதத்தை மீளப்பெறும் உரிமை உண்டு என்பதும் அதன் அடிப்படைகள். மீறல் ஒன்றுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்க அதில் இடமுண்டு. கடமைகளை விதிக்கும் பகுதிகள் நடைமுறைக்கு வரும் திகதி பிற்போடப்பட்டு, சட்டமும் 2025 இல் திருத்தப்பட்டது. எந்தப் பகுதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதை வர்த்தமானி அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை கைகழுவியிருக்கலாம் என்று எண்ண வேண்டாம். நோயாளரின் இரகசியம் காக்கும் கடமை இந்தச் சட்டத்துக்கு முன்பிருந்தே உங்கள் தொழிலில் உள்ளது.

சட்டத்தின் பார்வையில் தரவுக்குப் பொறுப்பானவர் நீங்கள். தம்பி உங்களுக்காக வேலை செய்பவர் மட்டுமே. பட்டியலைப் பதிவேற்றும்போது, அதைப் பயன்படுத்தத் தேவையான உரிமையும் அனுமதியும் தன்னிடம் உண்டு என்று விளம்பரதாரர் மெட்டாவிடம் உறுதியளிக்கிறார். அந்த நிபந்தனைகளை உங்கள் சார்பில் அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். லண்டனில் இருந்து பணம் கட்டும் பிள்ளைகளுக்கென்றும் உங்கள் சேவையை விளம்பரப்படுத்துவீர்களானால், பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களைத் தொடக்கூடும்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை

முதலில், அந்த ஓடியன்ஸ் யாருடைய விளம்பரக் கணக்கில் உருவாக்கப்பட்டது என்று கேளுங்கள். உங்கள் கணக்கென்றால் நீங்களே Ads Manager இல் Audiences பக்கத்தைத் திறந்து, லுக்அலைக் ஏதும் உருவாகியிருந்தால் அதையும் மூலப் பட்டியலையும் அழியுங்கள். அவருடைய கணக்கென்றால், உங்கள் முன்னிலையில் அழிக்கச் சொல்லுங்கள். அவருடைய கணக்கில் இருக்கும்வரை, உங்கள் நோயாளர் பட்டியலை விதையாக வைத்து வேறொரு வாடிக்கையாளருக்கு லுக்அலைக் உருவாக்கவும் அவரால் முடியும்.

அடுத்தது கோப்பு, உண்மையில் எனக்குப் பெரிய பயம் இதில்தான். ஹாஷ் செய்யப்பட்டது மெட்டாவுக்குப் போனது மட்டுமே. தம்பியின் கைக்குப் போனது பெயரும் இலக்கமும் வெளிப்படையாக உள்ள எக்செல் கோப்பு. வாட்ஸ்அப்பில் இருபக்கமும் அழிக்கும் வசதி ஏறத்தாழ இரண்டரை நாளுக்குள் மட்டுமே கிடைக்கும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆகவே அவருடைய கைத்தொலைபேசி, மடிக்கணினியின் Downloads, கூகிள் ட்ரைவ், அவர் வேறு யாருக்கும் அனுப்பியிருந்தால் அந்த இடம் என ஒவ்வொன்றாகக் கேட்டு அழிப்பியுங்கள். அழித்துவிட்டதாகத் திகதியுடன் எழுத்தில் வாங்குங்கள். அனுப்பிய நாள், பதிவேற்றிய நாள், எச்சரிக்கை வந்த நாள், அழித்த நாள் ஆகியவற்றை நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோப்பு மூன்றாவது ஆள் ஒருவருக்குப் போயிருப்பதாகத் தெரியவந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அப்போது நோயாளருக்கு அறிவிக்கும் கேள்வி எழும்.

விளம்பரத்தை விட வேண்டியதில்லை. ஆய்வுகூடத்தைச் சுற்றி நீங்கள் போகக்கூடிய தூரத்தையும் வயதெல்லையையும் தெரிவுசெய்து, ‘வீட்டுக்கு வந்து இரத்தம் எடுக்கிறோம்’ என்று பொதுவாகப் போடுங்கள். ‘உங்களுக்குச் சீனி வருத்தமா?’ என்று கேட்க வேண்டாம். பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டும் விளம்பரத்தை மெட்டாவின் விதிகளும் ஏற்பதில்லை. புலம்பெயர்ந்த பிள்ளைகளுக்கென்றால், ஸ்காபரோ, ஹரோ போன்ற இடங்களையும் தமிழ் மொழியையும் தெரிவுசெய்தால் போதும். எந்தப் பட்டியலும் தேவையில்லை.

பழைய நோயாளர்களைத் திரும்ப வரச் செய்வதே உங்கள் உண்மையான தேவை என்று கடிதத்திலிருந்து உணர்கிறேன். HbA1c முந்திய ஏறத்தாழ மூன்று மாதத்துச் சீனி நிலையைக் காட்டும் பரிசோதனை என்பதால், அடுத்த முறையை நினைவூட்டும் ஒரு குறுஞ்செய்தி நோயாளருக்கே உதவியானது. அதை உங்கள் ஆய்வுகூடத் தொலைபேசியிலிருந்தே அனுப்பலாம். இனிமேல் பற்றுச்சீட்டின் அடியில் இரண்டு தனித்தனிக் கட்டங்களை அச்சிடுங்கள். முதலாவது: ‘அடுத்த பரிசோதனையை எனக்கு நினைவூட்டலாம்.’ இரண்டாவது: ‘உங்கள் புதிய சேவைகள் பற்றி எனக்குச் செய்தி அனுப்பலாம்.’ இரண்டையும் வெறுமையாகவே கொடுங்கள். விரும்பினால் நோயாளர் தம் கையால் அடையாளமிடட்டும். இலக்கம் மகளுடையதென்றால், அது யாருடைய இலக்கம் என்பதையும் பக்கத்தில் எழுதி, செய்தியில் நோயின் பெயரோ பரிசோதனையின் பெயரோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.